ஊர் மாறினால் கடன் கணக்கும் மாற வேண்டுமா?

வங்கியில் வாங்கிய கடனை, அதே வங்கியின் வேறொரு கிளைக்கு மாற்றிக்கொள்வதற்குக் கிளை மாற்றம் என்று பெயர். வேறு வங்கி கடனை எடுத்துக்கொள்ளும் ‘டேக் ஓவர்’ இதிலிருந்து முற்றிலும் வேறானது. டேக் ஓவரில் பழைய வங்கியின் கடன் அடைபட்டு, புது வங்கியில் புதுக் கடன் தொடங்கும். பரிசீலனைக் கட்டணம், புது ஒப்பந்தம், புது வட்டி எல்லாம் அதில் உண்டு. கிளை மாற்றத்தில் கடன் அதேதான். வட்டி விகிதமும் மீதித் தவணைக் காலமும் அப்படியே தொடரும். கணக்கை நிர்வகிக்கும் கிளை, அதாவது ‘ஹோம் பிராஞ்ச்’, மட்டும் மாறும்.

சேமிப்புக் கணக்கின் கிளையை மாற்றுவது இன்று எளிது. சில வங்கிகளில் நெட் பேங்கிங்கிலேயே செய்துவிடலாம். கடன் கணக்குக்கு அந்த வசதி பொதுவாகக் கிடையாது. எழுத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். காரணம் எளியது. சேமிப்புக் கணக்கில் வங்கி வாடிக்கையாளருக்குக் கடன்பட்டிருக்கிறது. கடன் கணக்கில் வாடிக்கையாளர் வங்கிக்குக் கடன்பட்டிருக்கிறார். அந்தக் கடன் வசூலாகாமல் போனால் பதில் சொல்ல வேண்டியது ஹோம் பிராஞ்ச். கணினியில் கணக்கை மாற்றுவது சில நிமிட வேலை. ஆனால் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களும், அடமானப் பத்திரங்களும், வசூல் பொறுப்பும் கணினிக்கு வெளியே இருக்கின்றன. விண்ணப்பம் தாமதமாவதும் மறுக்கப்படுவதும் பெரும்பாலும் இவற்றால்தான்.

எந்தக் கடனை மாற்றலாம்?

வங்கிக் கிளைகள் கணினியால் இணைக்கப்பட்ட பிறகு, கடன்காரர் அன்றாடம் செய்யும் பல வேலைகளுக்கு ஹோம் பிராஞ்ச் தேவைப்படுவதில்லை. தவணையை எந்தக் கிளையிலும் கட்டலாம், இணையம் வழியாகவும் கட்டலாம். கணக்கு அறிக்கையையும் வட்டிச் சான்றிதழையும் நெட் பேங்கிங்கில் எடுத்துக்கொள்ளலாம். தவணைத் தொகையை மாற்றுவது, தவணைக்குக் கால நீட்டிப்பு கேட்பது, கடனை முடித்து ஆவணங்களைத் திரும்பப் பெறுவது போன்ற சில வேலைகளுக்குத்தான் ஹோம் பிராஞ்சை நாட வேண்டும். ஆகவே, கடன் எதைப் பிணையாக வைத்து வாங்கப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டுக் கடனுக்குப் பிணை வீடு. கடன்காரர் மதுரையிலிருந்து சென்னைக்குப் போனாலும் வீடு மதுரையில்தான் இருக்கும். வீட்டை அவ்வப்போது பார்வையிடுவதும், தேவைப்பட்டால் சட்ட நடவடிக்கை எடுப்பதும் மதுரைக் கிளைக்குத்தான் வசதி. அதனால் இந்தக் கடனை மாற்ற வங்கிகள் தயங்கும். மாற்றுவதால் கடன்காரருக்கும் பெரிய லாபமில்லை. கடன் முடியும்போது பத்திரம் வாங்க மதுரைக்கு அலைய வேண்டுமே என்ற கவலைக்கு ரிசர்வ் வங்கியே வழி சொல்லியிருக்கிறது. 2023 செப்டம்பர் 13-ல் வெளியான அதன் சுற்றறிக்கை 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் அசல் சொத்து ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். கணக்கு இருந்த கிளையிலோ, ஆவணங்கள் இருக்கும் வேறு அலுவலகத்திலோ, விருப்பப்படி பெற்றுக்கொள்ளலாம். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ₹5,000 இழப்பீடும் உண்டு.

நகைக் கடனில் நகை அந்தக் கிளையின் பெட்டகத்தில் இருக்கிறது. அதை ஊர் விட்டு ஊர் அனுப்பும் வழக்கம் இல்லை. மீட்டு, புது ஊரில் மறுபடி வைப்பதே நடைமுறை. பயிர்க் கடன் நிலத்தோடு கட்டப்பட்டது. நிலம் இருக்கும் ஊரில்தான் அது இருக்கும். வாகனக் கடனில் கிளை மாற்றத்தைவிட ஆர்.சி. பற்றிய கவலையே முக்கியம். வாகனம் வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். கடன் நிலுவையில் இருக்கும்வரை அதற்கு வங்கியின் சம்மதக் கடிதம் தேவை.

மிஞ்சுவது கல்விக் கடனும் தனிநபர் கடனும். இவற்றில், குறிப்பாகச் சொத்துப் பிணை இல்லாத கல்விக் கடனில், வங்கி நம்பியிருப்பது கடன்காரரின் சம்பளத்தை. ஆள் இருக்கும் ஊரிலேயே கணக்கும் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது. கிளை மாற்றக் கோரிக்கைக்கு மிக நியாயமான இடம் இதுதான். தமிழ்நாட்டில் பிள்ளைகளின் சொந்த ஊர்க் கிளையில் கல்விக் கடன் வாங்கி, படிப்பு முடிந்ததும் வேறு ஊரில் வேலைக்குச் சேரும் குடும்பங்கள் ஏராளம்.

ஒரு கல்விக் கடனின் பயணம்

சங்கரன்கோவிலில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் பொறியியல் படிப்புக்காக ₹4 லட்சம் கடன் வாங்கிய மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அப்பா கூட்டுக் கடன்தாரர். படிப்பு முடிந்து, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கொண்ட விடுப்புக் காலம் முடிந்தபோது, சேர்ந்த வட்டியோடு நிலுவை ₹5 லட்சம் ஆகியிருந்தது. வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம், தவணைக் காலம் 10 ஆண்டுகள் என்றால், மாதத் தவணை ₹6,608 வரும்.

விண்ணப்பம் கொடுக்கும் முன் இவர் சரிபார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தவணை ஏதும் பாக்கி இருக்கிறதா என்பது. பாக்கியுள்ள கணக்கை ஏற்க எந்தக் கிளையும் முன்வராது. வேறு கிளையின் வாராக்கடன் தலைவலியைத் தன் தலையில் ஏற்றிக்கொள்வதாகவே அது நினைக்கும். தவணை நாள் கடந்து ஒரு நாள் ஆனாலே கணக்கு ‘எஸ்எம்ஏ-0’ என்ற முதல் எச்சரிக்கை வகைக்குள் வந்துவிடும். 90 நாட்களைத் தாண்டினால் வாராக்கடன். இரண்டு, வட்டி மானியம். குடும்ப ஆண்டு வருமானம் ₹4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு, விடுப்புக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டத்தில் கடன் சேர்ந்திருக்கலாம். அந்த மானியத்துக்குக் கோரிக்கை அனுப்பியது பழைய கிளை. பணம் இன்னும் வரவில்லை என்றால், அது வந்து கணக்கில் வரவு வைக்கப்பட்ட பிறகு மாற்றம் கேட்பதே புத்திசாலித்தனம். இடையில் கணக்கு எண் மாறிவிட்டால், வரும் மானியம் எந்தக் கணக்கைத் தேடும் என்ற குழப்பம் எழும்.

விண்ணப்பத்தைக் கணக்கு இருக்கும் கிளைக்கு, அதாவது சங்கரன்கோவிலுக்கு, எழுத வேண்டும். ஓசூர் கிளையிலேயே கொடுத்து அனுப்பச் சொல்லலாம். ஆனால் முடிவு எடுக்க வேண்டியவர் பழைய கிளை மேலாளர். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி இருந்தால் போதும்:

“தங்கள் கிளையில் உள்ள எனது கல்விக் கடன் கணக்கை (எண் …) ஓசூர் கிளைக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வேலை காரணமாக ஓசூரில் நிரந்தரமாகக் குடியிருக்கிறேன். பணி நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, தற்போதைய முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். இன்றைய தேதி வரை தவணை பாக்கி இல்லை. கடனின் மற்ற நிபந்தனைகள் மாறாமல் தொடரச் சம்மதிக்கிறேன். கூட்டுக் கடன்தாரரான என் தந்தையும் இக்கோரிக்கையில் கையெழுத்திட்டுள்ளார்.”

கடைசி வாக்கியம் அலங்காரத்துக்காக வந்ததல்ல. கடன் இருவர் பெயரில் இருப்பதால் கோரிக்கையும் இருவரிடமிருந்து வர வேண்டும். ஒரு கையெழுத்து இல்லை என்பதற்காகத் திரும்பி வரும் விண்ணப்பங்கள் உண்டு. அப்பா சங்கரன்கோவிலிலும் மகள் ஓசூரிலும் இருந்தால், கடிதத்தைத் தபாலில் அனுப்பிக் கையெழுத்து வாங்கிய பிறகே வங்கிக்குக் கொடுக்க வேண்டும். ஜாமீன்தாரர் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதத்தையும் வங்கி கேட்கக்கூடும். அவர் சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால், அந்த மாற்றத்துக்குப் பின் வரும் பொறுப்பிலிருந்து அவர் விடுபடுவார் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு. கிளை மாறுவதால் மட்டும் நிபந்தனை மாறிவிடாது. ஆனாலும் பிற்பாடு கேள்வி வரக்கூடாது என்று மேலாளர்கள் இதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

விண்ணப்பத்தின் இன்னொரு நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் பெற்று வைத்துக்கொள்வது அவசியம். நேரில் போக முடியாதவர்கள் விரைவுத் தபாலிலோ, பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து கிளையின் மின்னஞ்சலுக்கோ அனுப்பலாம். பின்னால் எந்தப் புகாருக்கும் அடிப்படை இந்தத் தேதிதான்.

கிளைக்குள் நடப்பது

விண்ணப்பம் வந்ததும் பழைய கிளை, கணக்கு ஒழுங்காக இருக்கிறதா, ஆவணங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்க்கும். பிறகு புது கிளையின் சம்மதத்தைக் கேட்கும். சில வங்கிகளில் இது மண்டல அலுவலகம் வழியாகப் போகும். சம்மதம் வந்ததும் கடன் ஒப்பந்தம், கடன் உறுதிப் பத்திரம், அனுமதிக் கடிதம், அடையாளச் சான்றுகள் என்று எல்லாவற்றையும் பட்டியலிட்டு, முத்திரையிட்ட உறையில் புது கிளைக்கு அனுப்புவார்கள். அவை வந்து சேர்ந்து, பட்டியலோடு ஒப்பிடப்பட்ட பிறகே கணினியில் ஹோம் பிராஞ்ச் மாறும்.

இந்தக் கட்டத்தில் கடன்காரரிடம் ஒரு கடிதத்தில் கையெழுத்து கேட்கப்படலாம். ‘இன்ன தேதியில் இவ்வளவு ரூபாய் நிலுவை என்று ஒப்புக்கொள்கிறேன்’ என்பது அதன் சாரம். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, சொத்து அடமானம் இல்லாத கடனை வசூலிக்க வழக்குப் போட பொதுவாக மூன்றாண்டு கால அவகாசம்தான் உண்டு. அந்தக் கெடுவுக்குள் கடன்காரர் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால், அன்றிலிருந்து மறுபடி மூன்றாண்டு தொடங்கும். வங்கி தன் உரிமையைக் காக்க இதைக் கேட்பது முறையானதுதான். ஆனால் தொகையும் தேதியும் எழுதப்படாத வெற்றுத் தாளில் கையெழுத்திடக் கூடாது. கடிதத்தில் உள்ள தொகை, அன்றைய கணக்கு அறிக்கையோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

தவணையும் வட்டியும் தடுமாறும் இடம்

மாற்றத்தால் நேரடியாகப் பணத்தைப் பாதிக்கும் கோளாறு பெரும்பாலும் தவணைப் பிடித்தத்தில்தான் வருகிறது. பல வங்கிகளில் கிளை மாறினாலும் கடன் கணக்கு எண் அதேதான்; சில வங்கிகளில் எண்ணிலேயே கிளைக் குறியீடு அடங்கியிருப்பதால் புது எண் வரும். ஐஎஃப்எஸ்சி குறியீடு எங்கும் மாறும். 11 எழுத்துகள் கொண்ட அந்தக் குறியீட்டில் முதல் நான்கு வங்கியையும், கடைசி ஆறு கிளையையும் குறிப்பவை. எண் மாறாவிட்டால், சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகத் தவணை பிடிக்கும் ஏற்பாடு பெரும்பாலும் தடையின்றித் தொடரும். எண் மாறினால், பழைய எண்ணுக்குக் கொடுத்த ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் அல்லது நாச் ஒப்புதல் செல்லாமல் போகலாம். புதிதாகக் கொடுக்க வேண்டும். முன்தேதியிட்ட காசோலைகள் கொடுத்திருந்தால், அவையும் உறையோடு புது கிளைக்குப் போயிருக்க வேண்டும்.

இதற்கு எளிய பாதுகாப்பு உண்டு. ஒரு மாதத் தவணை பிடித்தம் ஆன மறுநாள் மாற்றத்தைத் தொடங்கச் சொன்னால், அடுத்த தவணைக்கு ஏறத்தாழ ஒரு மாத அவகாசம் கிடைக்கும். அதற்குள் வேலை முடியவில்லை என்றால், தானாகப் பிடிக்கும் என்று காத்திருக்காமல், தவணை நாளில் கடன் கணக்கில் நேரடியாகப் பணம் கட்டி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். வங்கிகள் கடன் விவரங்களைச் சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தவறாமல் அனுப்புகின்றன. வங்கிக்குள் நடந்த குழப்பத்தால் தவறிய தவணையும் கடன்காரரின் பெயரில்தான் பதிவாகும்.

எண் மாறும் வங்கிகளில் வட்டியையும் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன மாணவியின் நிலுவை ₹5 லட்சம். 10 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி ஏறத்தாழ ₹137. வட்டி தினமும் கணக்கிடப்பட்டு, மாதக் கடைசியில் பற்று வைக்கப்படுகிறது. ஜூன் 18-ஆம் தேதி பழைய கணக்கு முடிக்கப்பட்டால், அதுவரையான 17 நாள் வட்டி ₹2,329 அன்றே சேர்க்கப்பட்டு, ₹5,02,329 புதுக் கணக்குக்குப் போகும். மீதி 13 நாட்களுக்குப் புது கிளையில் சுமார் ₹1,789 வட்டி வரும். இரண்டும் சேர்த்து ₹4,118. மாற்றம் நடக்காமல் இருந்திருந்தால் அந்த மாத வட்டி ₹4,110 தான். நடுவில் வட்டி அசலோடு சேர்ந்ததால் எட்டு ரூபாய் கூடுகிறது. இந்தச் சிறு வித்தியாசம் இயல்பு. ஆனால் புது கிளை ஜூன் மாதம் முழுவதற்கும் வட்டி போட்டிருந்தால், 17 நாள் வட்டி இரட்டிப்பாகிவிட்டது என்று பொருள். பழைய கணக்கின் கடைசி வரியையும் புதுக் கணக்கின் முதல் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது உடனே தெரியும். எழுத்தில் சொன்னால் வங்கி திருத்தித் தரும்.

எண் மாறிய ஆண்டில் வருமான வரிக்கான வட்டிச் சான்றிதழும் இரண்டாக வரும். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள், கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு கேட்கும்போது, இரண்டு சான்றிதழ்களின் தொகையையும் கூட்டிக் காட்ட வேண்டும். புது எண்ணுக்கான சான்றிதழை மட்டும் வைத்தால், ஏப்ரல் முதல் மாற்றம் வரை கட்டிய வட்டிக்கான கழிவு விட்டுப்போகும்.

மறுத்தால், பதில் வராவிட்டால்

கிளை மாற்றம் கடன்காரரின் சட்டப்பூர்வ உரிமை அல்ல. வங்கி தன் வணிகக் கணிப்பின்படி ஏற்கலாம், மறுக்கலாம். நல்ல கடன் போனால் தன் கிளையின் கடன் இலக்கு குறையும் என்று பழைய கிளை தயங்கலாம். புதுக் கடனை மட்டுமே விரும்பும் கிளை, பழைய கடனை ஏற்க மறுக்கலாம். இந்தத் தயக்கங்கள் நேரடியாகச் சொல்லப்படுவதில்லை. ‘பார்க்கலாம்’, ‘அடுத்த வாரம் வாங்க’ என்ற வார்த்தைகளாகவே வெளிப்படும். ஓசூர் கிளையிலேயே சம்பளக் கணக்கையும் வைத்துக்கொள்வது இங்கே கைகொடுக்கும். தவணை வரும் வழி கண்முன்னே இருந்தால், கடனை ஏற்கும் தயக்கம் புது கிளைக்குக் குறையும்.

ஒப்புகை பெற்ற விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை என்றால், முதலில் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். 30 நாட்களில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. வங்கியின் வணிக முடிவில் குறைதீர்ப்பாளர் தலையிட மாட்டார் என்பதை மனத்தில் வைத்துப் புகாரை எழுத வேண்டும். ‘மாற்ற மறுக்கிறார்கள்’ என்று எழுதினால் புகார் தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம். ‘இன்ன தேதியில் கொடுத்த விண்ணப்பத்துக்கு ஏற்றோ மறுத்தோ பதில் தரவில்லை’ என்றோ, ‘மாற்றத்தின்போது இன்ன தவணை தவறாகப் பாக்கி என்று காட்டப்பட்டது’ என்றோ எழுதினால், அது சேவைக் குறைபாடு. அதைக் குறைதீர்ப்பாளர் விசாரிக்க முடியும்.

மறுப்பே பதிலாக வந்தாலும் ஒரு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது: முகவரி மாற்றம். வங்கி அனுப்பும் நோட்டீஸ்கள் கடைசியாகப் பதிவான முகவரிக்கே போகும்; அங்கே யாரும் வாங்கவில்லை என்பது பெரும்பாலும் காப்பாகாது. ஆதார் அட்டையில் பழைய முகவரி இருந்தாலும், தற்போதைய முகவரிக்கு எந்தச் சான்றை வங்கி ஏற்கும் என்று கேட்டு, அதைக் கொடுத்துப் பதிவு செய்யலாம். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் புதியதாக இருந்தால், அவற்றையும் சேர்த்தே மாற்றிக்கொள்ள வேண்டும். தவணை நினைவூட்டல்கள் வருவது அவற்றுக்குத்தான்.

மாற்றம் நிறைவேறிவிட்டதா என்று உறுதி செய்ய நான்கு விவரங்களைப் பார்த்தால் போதும். புது கிளையிலிருந்து எடுத்த கணக்கு அறிக்கையில் ஹோம் பிராஞ்ச் பெயர் மாறியிருக்க வேண்டும். பழைய நிலுவையும் புது நிலுவையும் பொருந்த வேண்டும். வட்டி விகிதமும் கடைசித் தவணையின் மாதமும் முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும். ஆவணங்கள் அனைத்தும் வந்துவிட்டன என்று புது கிளை எழுத்தில் தர வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலரும் கேட்பதில்லை. ஆண்டுகள் கழித்துக் கடனை முடிக்கும்போது, ‘ஒப்பந்தம் பழைய கிளையில் இருக்கும்’, ‘இல்லை, அனுப்பிவிட்டோம்’ என்று இரண்டு கிளைகளுக்கு இடையே அலைய நேர்வது அந்த ஒரு கடிதம் இல்லாததால்தான். பதிவு செய்த மின்னஞ்சலில் ஒரு வரிப் பதிலாக வந்தாலும் போதும். அதைக் கடன் கோப்பில் விண்ணப்பத்தின் ஒப்புகை நகலோடு சேர்த்து வைக்க வேண்டும்.